ரத்தம் போகிற வழி தெரிகிறதா?

'படம் வரைந்து பாகங்களைக் குறி.' தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வரி மறக்காது. கை திருந்தியவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் ஏதோ ஒரு உருவத்தைக் கிறுக்கிவிட்டு, மனப்பாடம் செய்த பெயர்களை நான்கு பக்கமும் எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள். படத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் அதில் எதைப் பார்க்கிறார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் நடந்த அறிவியல் படம் வரையும் போட்டியைத் தொடங்கி வைத்துப் பேசிய விலங்கியல் ஆசிரியை, அதைத்தான் அரை மணி நேரம் விளக்கினார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

போட்டிக்கான படம் ஒன்றே ஒன்று: மனித இதயத்தின் உட்புறத் தோற்றம். பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருப்பதுதான். ஒரு மணி நேரம், ஒரு வெள்ளைத்தாள், பென்சில் மட்டும். கலர் கிடையாது. புத்தகம் பார்க்கக் கூடாது. நடுவர்கள் மூன்று பேர், விலங்கியல் ஆசிரியர்கள் இருவரும் ஓவிய ஆசிரியர் ஒருவரும்.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன் பிள்ளைங்களா. மொத்தம் இருபது மார்க். அமைப்பு சரியா இருக்கான்னு பத்து, கோட்டுக்கு அஞ்சு, பாகங்கள் குறிக்கறதுக்கு அஞ்சு. அழகுக்குன்னு தனியா மார்க் இல்ல. ஓவியப் போட்டி போன மாசமே முடிஞ்சிடுச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அடுத்து அவர் தூக்கிக் காட்டிய தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு வந்த படம் அது. பெயர் இருந்த மூலையை மடித்து வைத்திருந்தார். வேலைப்பாடு அபாரம். தசைக்குப் பென்சில் பொடியைத் தேய்த்து நிழல் கொடுத்திருந்தது. ரத்தக்குழாய்கள் உருண்டு திரண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சடித்ததோ என்றுதான் தோன்றும். அதற்குக் கிடைத்தது இருபதுக்கு ஏழு.

ஏன் ஏழு என்பதைச் சொல்ல அவர் நீளமாகப் பேசவில்லை. தாளைக் கரும்பலகையில் ஒட்டி, மேற்பெருஞ்சிரையின் வாயில் விரலை வைத்தார். "நான் இப்ப ரத்தம். உடம்பெல்லாம் சுத்திட்டு வர்றேன். உள்ள போறேன், பாருங்க." விரல் வலது ஆரிக்கிளில் இறங்கியது, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போனது. அங்கிருந்து நுரையீரல் தமனிக்கு ஏற வேண்டும். ஏற வழியில்லை. அந்தப் படத்தில் நுரையீரல் தமனி இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பியது. வலது வெண்ட்ரிக்கிளுக்கு வாசல் உண்டு, புறவாசல் இல்லை. "உள்ள வந்த ரத்தம் இங்கயே நிக்குது. இந்தப் படத்துல இருக்கறவங்க உயிரோட இல்ல."

நடுவர்கள் செய்யும் முதல் சோதனை இதுதானாம். மேற்பெருஞ்சிரையிலோ கீழ்ப்பெருஞ்சிரையிலோ விரலை வைத்து ஆரம்பிப்பார்கள். வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்கு. நுரையீரல் சிரைகள் வழியே திரும்பி இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. எங்கேயும் கோட்டைத் தாண்டிக் குதிக்காமல் விரல் வெளியே வந்துவிட்டால் அமைப்புக்கான பத்தில் பாதி கைக்கு வந்த மாதிரி. எங்கே முட்டுகிறதோ அங்கே மதிப்பெண் குறையும். நிழல் எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. பாடப்புத்தகப் படத்தைப் பத்து முறை பார்த்து எழுதிப் பழகுவதைவிட இந்த விரல் சோதனையை ஒரு முறை செய்து பார்ப்பது நல்ல பயிற்சி என்று எனக்கும் தோன்றியது.

பிறகு அவர் தன் தலைக்கு மேல் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். எவர்சில்வர் தட்டில் ஒரு ஆட்டு இதயம். காலையில் கறிக்கடையில் சொல்லி வாங்கி, மேலிருந்து கீழாக பிளேடால் பிளந்து வைத்திருந்தார். ஆட்டுக்கும் நான்கு அறைகள்தான். அமைப்பும் ஏறக்குறைய நம்முடையதுதான். முன்வரிசைப் பெண்கள் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு பெண்ணை அழைத்து, வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அடுத்து இடது பக்கம். அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தொட்டவள், இடது சுவரைப் பிடித்ததும் "டீச்சர், இது கட்டியா இருக்கு" என்றாள். வலது சுவர் மடங்கிக் கொடுத்தது. இடது சுவர் வெட்டிய இடத்திலும் குழையாமல் நின்றது.

மனிதனின் இதயத்தில் இடது வெண்ட்ரிக்கிள் சுவரின் தடிமன் சுமார் ஒரு சென்டிமீட்டர். வலது சுவர் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். காரணம், வலது பக்கம் ரத்தத்தைப் பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும். இடது பக்கம் தலை உச்சியிலிருந்து கால் பெருவிரல் வரை அனுப்பியாக வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டர் '120-க்கு 80' என்கிறாரே, அதில் வரும் 120 இடது வெண்ட்ரிக்கிள் தரும் அழுத்தம். வலது வெண்ட்ரிக்கிளில் அது 25 அளவில்தான் இருக்கும்.

"அப்ப இடது பக்கம்தான் நிறைய ரத்தம் போகுமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஆசிரியை உட்கார வைக்காமல் அவளையே யோசிக்க வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால்கூடச் சில நிமிடங்களில் நுரையீரலில் ரத்தம் தேங்க ஆரம்பித்துவிடும். அளவு ஒன்றுதான், வேகமாகத் தள்ளும் பலம்தான் வேறு. அதனால் படத்தில் இடது அறையைப் பெரிதாகப் போட்டு வித்தியாசம் காட்டுவது தவறு. அறைகளின் அளவைக் கிட்டத்தட்ட சமமாக வைத்து, சுவரின் தடிமனில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும். நம் இதயம் நம் மூடிய கைப்பிடி அளவு, நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். ஒரு வெள்ளைத்தாளில் அதை அசல் அளவிலேயே வரைய இடம் இருக்கிறது. ஆகவே இடது சுவருக்கு ஒரு சென்டிமீட்டர், வலது சுவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று அப்படியே போட்டுவிடலாம். நடுவர்கள் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை. இரண்டு சுவரும் ஒரே தடிமனாக இருந்தால் மட்டும் கண்ணில் குத்தும்.

வலது, இடது குழப்பம் பெரிய குழப்பம். படத்தில் நமக்கு இடப்பக்கம் இருப்பது வலது ஆரிக்கிள். எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பதுபோல வரைவது மரபு. இதயத்தின் கூரான நுனி கீழ்நோக்கி, அவருடைய இடது பக்கம், அதாவது தாளில் நமக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். செங்குத்தாக நிமிர்த்தி வரைந்த இதயம் சீட்டுக்கட்டு ஆர்ட்டின் ஆகிவிடும் என்றார் ஆசிரியை. உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "சில பேருக்கு இதயம் வலது பக்கமே இருக்குமாமே டீச்சர்?" இருக்கிறது. உடல் உறுப்புகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிப் பிறப்பவர்கள் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர். "அப்படி வரையணும்னா தாராளமா வரை. தலைப்புல அதை எழுதிடு. எழுதாம வரைஞ்சா உனக்கு மாறிப்போச்சுன்னுதான் எடுத்துக்குவேன்."

அவர் அதிக நேரம் நின்றது இடைச்சுவரில். இரண்டு வெண்ட்ரிக்கிள்களையும் பிரிக்கும் அந்தத் தசைச்சுவரைப் பிள்ளைகள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, வால்வுகள் இருக்கும் இடத்தில் எப்படி முடிப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். பென்சில் கோட்டில் அரை சென்டிமீட்டர் இடைவெளி. நமக்கு அது விட்டுப்போன கோடு. விரல் சோதனையில் அதற்கு அர்த்தம் வேறு: இடது பக்கத்து ரத்தம் உடம்புக்குப் போகாமலேயே வலது பக்கம் கலந்துவிடும். "ஊர்ல இதயத்துல ஓட்டைன்னு சொல்றாங்கல்ல, குழந்தைக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்கல்ல, அதுல ஒரு வகை இதேதான். நீ அந்த நோயை வரைஞ்சு வச்சிருக்கே."

இந்த இடத்தில் அவர் சொன்ன வரலாறு எனக்குப் புதிது. இடைச்சுவரில் துளை உண்டு என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், வலது பக்க ரத்தத்தில் ஒரு பகுதி இடைச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடது பக்கம் கசிகிறது என்று எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் அதையே படித்தார்கள், அதையே சொல்லிக்கொடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு அல்-நஃபீஸ், அந்தச் சுவரில் வழியே கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடது பக்கம் வர வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பாவில் அது பரவவில்லை. 1543இல் உடற்கூறு பற்றிய தன் பெரிய படநூலை வெளியிட்ட வெசேலியஸ், அந்தத் துளைகள் கண்ணில் படவில்லையே என்று வியந்துவிட்டு நிறுத்திக்கொண்டார்; 1555இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னார். ரத்தம் உடம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி நிறுவிய நூல் வந்தது 1628இல். ஆக, இடைச்சுவரை இடைவெளி இல்லாமல் முழுசாக வரைவதற்கு மனிதர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இதைச் சொன்னபோது ஆசிரியை அழிரப்பரை எடுத்து, ஒட்டியிருந்த படத்தின் இடைச்சுவருக்குப் பக்கத்தில் இருந்த நிழலைக் கொஞ்சம் அழித்தார். அடியில் கோடு இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. நிழல் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். தேய்த்த பென்சில், கோடு எங்கே முடிகிறது என்பதை மறைத்துவிடும். ஆழம் காட்டியே ஆக வேண்டும் என்றால் புள்ளி வைக்கலாம், தேய்க்கக் கூடாது.

கோட்டுக்கான ஐந்து மதிப்பெண்ணும் இதைச் சார்ந்ததுதான். ஒரு விளிம்புக்கு ஒரே கோடு. குட்டிக் குட்டிக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று போட்டு முடி முளைத்ததுபோல் வரைந்தால் எது விளிம்பு என்பதை நடுவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

வால்வுகளுக்கு வந்தார். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் இருக்கும் வால்வின் இதழ்கள் வெண்ட்ரிக்கிளுக்குள் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். ரத்தம் மேலிருந்து வரும்போது விலகி வழிவிடும். வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது மேலே எழும்பி மூடிக்கொள்ளும். காற்றில் குடை மேல்நோக்கி மடிந்துவிடுமே, அப்படி இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் மடிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் மெல்லிய நாண்கள் இருக்கின்றன. நாண்களின் மறுமுனை வெண்ட்ரிக்கிள் சுவரிலிருந்து எழும் பாப்பில்லரி தசைகளில் கட்டியிருக்கும். தட்டில் இருந்த ஆட்டு இதயத்தில் ஊசிமுனையால் ஒரு நாணைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை நூல் மாதிரி விறைப்பாக நின்றது. போட்டியில் நாண்களை அறையின் நடுவே மிதக்கவிட்டு வரைகிறவர்கள் அதிகம். இரண்டு முனையும் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று நடுவர் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் கடினம் மேலே இருக்கும் குழாய்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஓவிய ஆசிரியர் இங்கேதான் முன்னால் வந்தார். இரண்டு குழாய் ஒன்றை ஒன்று கடக்கும்போது முன்னால் இருப்பதன் கோடு அறுபடாமல் ஓட வேண்டும். பின்னால் போவதன் கோடு அங்கே நின்று, மறுபக்கம் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டையும் முழுசாக இழுத்துவிட்டால் அது வலை. எது எதற்கு முன்னால் என்று யாருக்கும் தெரியாது. இதயத்தில் இது இரண்டு விதமாக வருகிறது. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி, அடியில் பெருந்தமனிக்கு முன்னால் ஏறுகிறது. பிறகு பெருந்தமனியின் வளைவுக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. அதில் வலது நுரையீரலுக்குப் போகும் கிளை பெருந்தமனிக்குப் பின்னால் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. ஒரே குழாய், ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். ஓவிய ஆசிரியர் சாக்பீஸால் பெருந்தமனியை முதலில் முழுசாகப் போட்டு, அதன் அடிப்பகுதியை நுரையீரல் தமனியால் மறைத்து அழித்தார். பிறகு வலது கிளையைப் பெருந்தமனியின் விளிம்பில் முட்டி நிறுத்தி, மறு விளிம்பிலிருந்து தொடர்ந்தார். நாலைந்து கோடுகளில் வேலை முடிந்தது.

உண்மையில் இப்படி ஒரே வெட்டில் நான்கு அறையும், எல்லா வால்வும், இரண்டு பெருங்குழாய்களின் தொடக்கமும் சேர்ந்து தெரிகிற இதயம் எங்கேயும் கிடைக்காது. ஆட்டு இதயத்தை எப்படி வெட்டினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். புத்தகப் படம் பல வெட்டுகளில் தெரிபவற்றைச் சேர்த்து ஒரே தளத்தில் வைத்த படம். அதனால் நடுவர்கள் சில பொய்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ரத்தம் போகிற வழியை மாற்றும் பொய்யை மட்டும் விடமாட்டார்கள்.

பாகங்கள் குறிப்பதைப் பற்றி ஆசிரியை சுருக்கமாகவே பேசினார். படத்தைத் தாளின் நடுவில் போடாமல் சற்று இடப்பக்கம் ஒதுக்கிப் போட்டால் பெயர்கள் எழுத வலப்பக்கம் இடம் கிடைக்கும். குறிகோடுகளை ஸ்கேல் வைத்து இழுக்க வேண்டும். ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. கோட்டின் முனை அந்தப் பாகத்தைத் தொட வேண்டும். அறைக்கான கோடு அறைக்குள் போக வேண்டும். சுவருக்கான கோடு சுவரிலேயே நிற்க வேண்டும். 'இடது வெண்ட்ரிக்கிள்' என்று எழுதிய கோடு சுவரிலேயே நின்றுவிட்டால் அரை மதிப்பெண் போகும். முனையில் அம்புக்குறி போடக் கூடாது. இந்தப் படத்தில் அம்புக்குறிக்கு ரத்தம் ஓடும் திசை என்ற அர்த்தம் இருக்கிறது; இரண்டையும் கலந்தால் படிக்கிறவருக்குக் குழப்பம்.

"ரப்பர் வச்சுக்கலாமா டீச்சர்?"

"வச்சுக்கோ. ஆனா கடைசிப் பத்து நிமிஷம் ரப்பரைக் கீழ வச்சிட்டு விரலை எடு. மேல இருந்து ஒரு தடவ சுத்தி வா."

இரண்டு படங்களுக்கு ஒரே மதிப்பெண் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அவர்களிடம் தயாராக ஒரு விதி இருந்தது: நுரையீரல் சிரைகளைப் பார்ப்போம் என்றார் இன்னொரு விலங்கியல் ஆசிரியர். சிரைகள் நான்கு. பக்கத்துக்கு இரண்டு. இடது நுரையீரலிலிருந்து வரும் இரண்டும் நேராக இடது ஆரிக்கிளில் சேர்வதால் அவற்றில் யாரும் தப்பு செய்வதில்லை. வலது நுரையீரலிலிருந்து வருபவை படத்தில் வலது ஆரிக்கிளின் ஓரத்தில் போய் முட்டுவதுபோலத் தெரியும். அவை அங்கே திறப்பதில்லை. பின்புறமாகப் போய் இடது ஆரிக்கிளில்தான் சேர்கின்றன. எனவே வலது ஆரிக்கிளின் வெளிக்கோடு அந்த இடத்தில் அறுபடாமல் இருக்க வேண்டும். அங்கே ஒரு சின்ன வாயைத் திறந்துவிட்டிருந்தால், நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். சமமாக வந்த இரண்டு படங்களில் எதில் அந்தக் கோடு மூடியிருக்கிறதோ, அதற்குத்தான் பரிசு.